சத்தமா வாசிச்சு புரூப் பாக்குறது எப்படி: சொந்தக் காசுல புத்தகம் போடுறவங்களுக்கு

என்னோட சிறுகதைத் தொகுப்ப சொந்தமா அச்சடிச்சேன், 112 பக்கம், 200 பிரதி. அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல நாலு தடவ முழுசா படிச்சேன், நாலாவது தடவ ஒரு தப்பு கூட கண்ணுல படல, சரி சுத்தமாயிடுச்சுன்னு நெனச்சு அனுப்பிட்டேன். புத்தகம் வந்த அன்னிக்கு முதல் பிரதிய சித்தப்பா கையில குடுத்தேன். அவருக்கு எதையும் வாய்விட்டுத்தான் படிக்க வரும். மூணாவது பக்கம் நாலாவது வரியில நின்னுட்டாரு. "ஏம்ப்பா, 'என்று என்று'ன்னு ரெண்டு தடவ போட்டிருக்கியே, வேணும்னே போட்டதா?"

அன்னிக்கு ராத்திரி உக்காந்து நானே சத்தமா வாசிச்சுப் பாத்தேன், 63 தப்பு. பிழைதிருத்தம் ஒண்ண தனியா அடிச்சு 200 பிரதியிலயும் ஒட்டுனோம், பாக்கவே கேவலமா இருந்துச்சு. அடுத்த புத்தகத்துக்கு இந்த வேலைய முறையா செஞ்சேன், அதத்தான் இங்க படிப்படியா எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா மத்ததெல்லாம் இதுலதான் நிக்குது. கண்ணு எழுத்து எழுத்தா ஓடாது, தாவித் தாவித்தான் போகும், நடுவுல இருக்குறத மூளை ஊகிச்சு நிரப்பிக்கும். அடுத்தவங்க எழுத்துன்னா ஊகிக்கக் கொஞ்சம் கஷ்டப்படும், நீங்களே எழுதுனதுன்னா அடுத்த வார்த்தை என்னன்னு அதுக்கு ஏற்கனவே தெரியும். அதனாலதான் சத்தமா படிங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, வாய்க்கு ஒவ்வொரு வார்த்தையையும் சொல்லித்தான் ஆகணும். ஆனா யாரும் சொல்லாதது ஒண்ணு இருக்கு, வாயும் திருத்தும். தாள்ல 'வீட்டு போனாள்'னு இருந்தாலும் வேகமா படிச்சா வாய் 'வீட்டுக்குப் போனாள்'னுதான் சொல்லும், காதும் அதத்தான் கேக்கும். அதனால கீழ சொல்ற பாதி விஷயம் எப்படி சத்தமா படிக்கிறதுன்னு இல்ல, படிக்கும்போது வாய் திருத்தாம எப்படி அதப் புடிச்சு வைக்கிறதுங்கிறதப் பத்திதான்.

1. எந்தக் கட்டத்துல வாசிக்கணும்

ரெண்டு தடவ. முதல் தடவ, கதைய மாத்துற வேலையெல்லாம் முடிஞ்சு, இனி பத்தி இடம் மாறாது, பாத்திரம் பேரு மாறாதுங்கிற நிலைமைக்கு வந்தப்புறம். அதுக்கு முன்னாடி வாசிச்சா வேஸ்ட், ஏன்னா வாசிக்கும்போதே கதைய மாத்தத் தோணும், மாத்துனா புதுத் தப்பு வரும், அப்புறம் எது வாசிச்ச பகுதி எது வாசிக்காத பகுதின்னு உங்களுக்கே தெரியாது.

ரெண்டாவது தடவ, டிடிபி பண்றவரு பக்கம் அமைச்சு பிடிஎஃப் அனுப்புனப்புறம். நெறைய பேர் இத விட்டுர்றாங்க, ஃபைல்ல சுத்தமா குடுத்தோமே, அங்க என்ன தப்பு வரப்போகுதுன்னு. வரும். நீங்க யூனிகோடுல குடுப்பீங்க, அவரு தன்னோட சாஃப்ட்வேர்ல ஓடுற பழைய எழுத்துருவுக்கு மாத்துவாரு, மாத்தும்போது சில எழுத்து உடையும். ஒரு கதையோட கடைசி பத்தி காணாமப் போகும். எனக்கு ஒரு தடவ அப்படி ஆச்சு, கதை பாதியில நின்னது 'நல்ல திறந்த முடிவு'ன்னு ஒரு நண்பர் பாராட்டவே செஞ்சாரு.

செலவு கணக்குல பாத்தா முதல் தடவைய நல்லா செய்யிறதுதான் லாபம். உங்க ஃபைல்ல திருத்துறதுக்குக் காசு இல்ல. பக்கம் அமைச்சப்புறம் திருத்துனா சில டிடிபி காரங்க ஒரு சுற்று இலவசமா செய்வாங்க, அதுக்கு மேல பக்கத்துக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க, மொதல்லயே கேட்டு வச்சுக்கோங்க. அதோட அங்க ஒரு வரி கூடுனா கூட அந்தக் கதை முழுக்க வரி நகரும், நகர்ந்தா பக்க எண் மாறும், பொருளடக்கம் தப்பாகும்.

2. கையில என்ன வேணும்

பிரிண்ட்அவுட். திரையில வாசிச்சா ரெண்டு சிக்கல்: பழகுன எழுத்துருல பழகுன இடத்துல அதே வரி இருக்கும், கண்ணு மறுபடியும் ஊகிக்க ஆரம்பிச்சிடும். இன்னொண்ணு, தப்பக் கண்டதும் கை சும்மா இருக்காது, அங்கயே திருத்தப் போவீங்க, வாசிப்பு அறுந்துடும்.

பிரிண்ட் எடுக்கும்போது எழுதுன எழுத்துருவ மாத்திடுங்க, அளவு 14, வரி இடைவெளி ஒன்றரை, தாளோட ஒரு பக்கம் மட்டும். வரி எல்லாம் புது இடத்துல உடையும், பழைய புத்தகத்த புதுசா பாக்குற மாதிரி இருக்கும். ரெட்டிப்பு வார்த்தை பெரும்பாலும் வரிக் கடைசியிலயும் அடுத்த வரி ஆரம்பத்துலயும் ஒளிஞ்சிருக்கும், வரி உடையுற இடம் மாறுனாலே பாதி வெளிய வந்துடும்.

என் புத்தகம் ஏறக்குறைய 22,000 வார்த்தை, மேல சொன்ன மாதிரி எடுத்தா 95 தாள் கிட்ட வந்துச்சு, எங்க ஊரு ஜெராக்ஸ் கடையில தாளுக்கு ரெண்டு ரூபா, மொத்தம் 190. அதோட ஒரு அடிஸ்கேல், சிவப்பு பேனா ஒண்ணு, பென்சில் ஒண்ணு. சிவப்பு நிச்சயமான தப்புக்கு, பென்சில் சந்தேகத்துக்கு. சந்தேகத்தத் தீக்க அங்கயே அகராதி தேடாதீங்க, ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு நகந்துடுங்க.

நேரம்: நான் நிறுத்தாம வாசிச்சா நிமிஷத்துக்கு 100 வார்த்தை போகும், நிறுத்தி குறிச்சு வாசிச்சா 60தான். 22,000 வார்த்தைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல. ஒரே நாள்ல முடிக்கலாம்னு உக்காராதீங்க, 45 நிமிஷத்துக்கு மேல போனா தொண்டை காஞ்சு குரல் தாழும், குரல் தாழ்ந்தா முணுமுணுப்பாகும், முணுமுணுப்பு ஆனா கண்ணாலதான் படிச்சிட்டிருக்கீங்கன்னு அர்த்தம். நான் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு எட்டு உக்காரல்ல, நாலு நாள்ல முடிச்சேன்.

3. எழுதியிருக்குற மாதிரியே வாசிக்கணும்

தமிழ்ல எழுதுறவங்க எல்லாரும் விழுற குழி இதுதான். தாள்ல 'வந்திருக்கிறார்கள்'னு இருக்கும், நம்ம வாய் 'வந்திருக்காங்க'ன்னு சொல்லிட்டுப் போகும். அர்த்தம் ஒண்ணுதான், ஆனா நீங்க அந்த எழுத்த வாசிக்கவே இல்ல, பாத்து மொழிபெயர்த்துட்டீங்க. அங்க 'வந்திருக்கிறர்கள்'னு ஒரு கால் விட்டுப் போயிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அதனால ரேடியோல செய்தி வாசிக்கிறவங்க மாதிரி வாசிங்க. எழுத்து நடையில இருக்குறத எழுத்து நடையிலயே, கடைசி எழுத்து வரைக்கும் முழுங்காம. 'இருந்தது'ன்னா இ-ருந்-த-து, 'இருந்துச்சு' கிடையாது. வீட்டுல சிரிப்பாங்க, கதவ சாத்திக்கோங்க. பாத்திரங்க பேசுற இடம் வந்தா மட்டும் பேச்சு வழக்குக்கு மாறுங்க, அதுவும் தாள்ல என்ன வழக்கு இருக்கோ அதுலயே, உங்க ஊரு வழக்குல இல்ல.

இப்படி வாசிக்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. கதைசொல்லி பகுதியில பேச்சு வழக்கு தெரியாம நுழைஞ்சிருந்தா உடனே நாக்கு தடுக்கும். 'அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு கெளம்பினார்'னு என் கதையில இருந்துச்சு, கண்ணுல நாலு தடவயும் தப்பிச்ச அந்த 'கெளம்பினார்' செய்தி வாசிப்புல முதல் தடவயே மாட்டிக்கிச்சு.

அடிஸ்கேல வாசிக்கிற வரிக்குக் கீழ வைங்க, அடுத்த வரி தெரியக் கூடாது. விரல வார்த்தை வார்த்தையா நகத்துங்க. விரல் ஒரு வார்த்தையில இருக்கும்போது வாய் அடுத்ததுக்குப் போயிருந்தா வேகம் கூடிடுச்சுன்னு அர்த்தம்.

மூச்சையும் கவனிங்க. தமிழ்ல வினை கடைசியிலதான் வருது, அதனால வாக்கியம் நீண்டா எழுவாய் ஒரு கரையில வினைமுற்று இன்னொரு கரையில. நடுவுல ரெண்டு தடவ மூச்சு வாங்க வேண்டி வந்துச்சுன்னா அங்க நில்லுங்க, கடைசி வினைய எடுத்துக்கிட்டு நேரா மொத வார்த்தைக்குப் போய் ரெண்டையும் மட்டும் சேத்து சொல்லிப் பாருங்க. 'செல்வி ... போனான்', 'மூன்று பெண்களும் ... சொன்னாள்', 'நான் ... வைத்தான்'. நடுவுல இருக்குற இருபது வார்த்தை இருக்குற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, ரெண்டையும் பக்கத்துல நிறுத்துனா பொளேர்னு தெரியும். நான் கண்டுபிடிச்ச 63ல இந்த மாதிரி ஒன்பது.

4. ஒற்று: வாய் அழுத்துனா விரல் தேடணும்

க், ச், த், ப் மிகுற இடம் இலக்கணமா படிச்சா தலை சுத்தும். ஆனா தமிழ் வீட்டுல வளந்தவங்க வாய்க்கு பெரும்பாலான இடத்துல அது தெரியும். 'அந்தப் பையன்'னு சொல்லும்போது ப அழுத்தமா வரும், 'ஒரு பையன்'ங்கும்போது மெலிஞ்சு வரும். 'எடுத்துப் பார்'ல அழுத்தம் உண்டு, 'வந்து பார்'ல கிடையாது. யாரும் சொல்லிக் குடுக்கல, ஆனா மாத்தி சொல்லிப் பாருங்க, நாக்கு சண்ட போடும்.

சிக்கல் என்னன்னா தாள்ல 'அந்த பையன்'னு ஒற்று இல்லாம இருந்தாலும் வாய் பழக்கத்துல 'அந்தப் பையன்'னே அழுத்திச் சொல்லும், நாம சரியா இருக்குன்னு போயிடுவோம். இதுக்கு நான் பழகிக்கிட்ட முறை, ரெண்டு வார்த்தை சந்திக்கிற இடத்துல வாய் அழுத்துச்சுன்னா விரல் அங்க அந்தப் புள்ளி எழுத்த தொட்டுக் காட்டணும். தொட முடியலன்னா விட்டுப்போச்சு. வாய் அழுத்தாத இடத்துல விரலுக்கு அடியில ஒற்று இருந்தா கூடுதலா போட்டது. 'படித்தப் பெண்'னு எழுதியிருந்தா அத உள்ளபடியே அழுத்தி வாசிங்க, காதுக்கே நல்லா இருக்காது, 'படித்த பெண்'தான் சரி.

எல்லா இடத்துக்கும் இல்லாட்டியும் அதிகமா விடுற இடங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வைங்க: ஐ-யில முடியிற வார்த்தை (பையைத் தூக்கி, அவளைப் பார்த்து), கு-வுல முடியிறது (ஊருக்குப் போய்), அப்புறம் அந்த, இந்த, எந்த. என்னோட விடுபட்ட ஒற்றுல முக்காவாசி இந்த மூணுக்குள்ளயே அடங்கிடுச்சு.

ஆனா ஐ-யில முடியுதேன்னு கண்ண மூடிக்கிட்டு ஒற்று போடாதீங்க. 'வேலை கொடு'ன்னா உத்தியோகம் கேக்குறாரு, 'வேலைக் கொடு'ன்னா முருகன் கையில இருக்குற வேலக் கேக்குறாரு. அர்த்தத்த நெனச்சு வாய்ல சொல்லிப் பாத்துட்டுப் போடுங்க.

5. ஒரு பத்திய எடுத்து செஞ்சு பாப்போம்

இது என் வரைவுல இருந்த மாதிரியே, கொஞ்சம் சுருக்கி:

மாலை ஆறு மணிக்கு பேருந்து நிலையத்தில் இறங்கிய செல்வி, கையில் இருந்த பையை தோளில் மாட்டிக்கொண்டு, மழையில் நனைந்த படியே அக்காவின் வீட்டு நடந்து போனான். கதவை திறந்த அக்கா அவளை பார்த்ததும் என்ன இப்படி நனஞ்சிருக்கே என்று என்று கேட்டாள். அறை மணி நேரம் கழித்துதான் மின்சாரம் வந்தது.

மேல படிக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ மனசுக்குள்ள படிச்சு எத்தன தப்புன்னு எண்ணிக்கோங்க. மொத்தம் 11.

செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சா காதுலயே விழுறது நாலு. 'வீட்டு நடந்து'ல க்கு இல்ல. செல்விய போனானோட சேத்து சொன்னா 'செல்வி போனான்'. 'என்று என்று'. நாலாவது 'நனைந்த படியே': நடுவுல இடம் விட்டிருக்குறதால விரல் தனித்தனியா நகரும், வாயும் நின்னு போகும், நின்னா 'நனைந்த படி'ன்னு ஏதோ மாடிப்படி நனைஞ்ச மாதிரி கேக்குது. 'நனைந்தபடியே' ஒரே வார்த்தை.

வாய் அழுத்தி விரல் தேடுனா இன்னும் அஞ்சு. மணிக்குப் பேருந்து, பையைத் தோளில், கதவைத் திறந்த, அவளைப் பார்த்ததும், கழித்துத்தான். 'நடந்து போனாள்', 'என்று கேட்டாள்' ரெண்டுலயும் வாய் அழுத்தல, தாள்லயும் ஒற்று இல்ல, சரி.

ஆக ஒன்பது. மிச்சம் ரெண்டு எத்தன தடவ கத்தி வாசிச்சாலும் காதுல விழாது. ஒண்ணு, அக்கா பேசுனதுக்குக் குறியே இல்ல, மேற்கோள் குறியும் கேள்விக்குறியும் சேந்து விட்டுப்போச்சு. இன்னொண்ணு 'அறை மணி நேரம்', அது 'அரை'. என் வாயில ரெண்டும் ஒரே சத்தம்.

6. காது கைவிடுற இடம்

இதத் தெரிஞ்சுக்காமதான் சத்தமா வாசிச்சும் தப்போட அச்சடிச்சவங்க இருக்காங்க. ர-ற, ன-ண-ந இதெல்லாம் இன்னிக்கு நம்மள்ல பல பேரு வாயில ஒரே மாதிரிதான் வருது. கரை-கறை, அரை-அறை, மனம்-மணம். ல-ள-ழ உங்க ஊரப் பொறுத்தது, ழ உங்க வாயில ள-வா வந்தா 'விளக்கு' 'விழக்கு' ரெண்டும் உங்களுக்கு ஒண்ணுதான், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும்.

இதுக்கு சத்த வாசிப்பு உதவாது, தனியா ஒரு சுற்று தேடல் போடணும். உங்களுக்கு எந்தெந்த ஜோடி குழம்பும்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க, என்னோடது 14 ஜோடி. ஒவ்வொண்ணையும் ஃபைல்ல `Ctrl+F` போட்டு ஒவ்வொரு இடமா நின்னு அர்த்தம் பாத்துக்கிட்டுப் போங்க. 'அறை'ன்னு தேடுனா ரூமா, கன்னத்துல விழுறதா, பாதியா? ஒரு மணி நேரம் ஆகும். மொத்தமா மாத்துற பட்டன மட்டும் தொடாதீங்க, ஏன்னு அடுத்ததுல சொல்றேன்.

7. மெஷின் குரல் எதுக்கு

நம்ம கண்ணும் காதும் ரெண்டுமே தப்பிக்க விடுற ஒரு வகை இருக்கு, பாக்க ஒரே மாதிரி இருக்குற எழுத்து. தமிழ்ல துணைக்காலும் ர-வும் பல எழுத்துருல கிட்டத்தட்ட ஒண்ணு. 'காலம்'ங்கிறதுக்கு பதிலா 'கரலம்'னு இருந்தா தாள்ல நீங்க 'காலம்'னுதான் வாசிப்பீங்க. பழைய புத்தகத்த ஸ்கேன் பண்ணி எழுத்தாக்குனவங்களுக்கும், பழைய எழுத்துருல இருந்து மாத்துனவங்களுக்கும் இது நெறைய வரும். அதே மாதிரி 'கௌதமன்' எழுத ஔ குறிக்கு பதிலா ள-வ தனியா அடிச்சு 'கெளதமன்'னு வச்சிருப்பீங்க, கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

மெஷினுக்கு ஊகிக்கத் தெரியாது, இருக்குற எழுத்தத்தான் வாசிக்கும். 'கரலம்'னே சொல்லும், 'கெளதமன்'ன கெ-ள-தமன்னு சொல்லும். வேர்ட்ல `Review` மெனுக்குள்ள `Read Aloud` இருக்கு, அதுக்கு முன்னாடி விண்டோஸ் செட்டிங்ஸ்ல தமிழ் மொழியச் சேத்து கூடவே பேச்சுக்கான பொதியையும் டவுன்லோட் பண்ணியிருக்கணும், இல்லன்னா தமிழ்ப் பகுதிய வாசிக்காது. ஆண்ட்ராய்டு போன்ல அணுகல்தன்மை செட்டிங்ஸ்ல `Select to Speak`னு இருக்கும். ரெண்டுக்கும் தனியா காசு கிடையாது.

வேகத்தக் கொறச்சு வச்சுட்டு கையில பிரிண்ட்அவுட்ட வச்சுக்கிட்டுக் கேளுங்க. உணர்ச்சியே இல்லாம வாசிக்கும், கதை எழுதுனவனுக்குக் கேக்கவே வலிக்கும், அதுவும் நல்லதுதான், கதையில மயங்க முடியாது. ஆனா இத மட்டும் நம்பாதீங்க, ஒற்று விட்டது மெஷின் குரல்ல பெரும்பாலும் தெரியாது, எண்ணையும் சுருக்கக் குறியையும் சில சமயம் தப்பா வாசிக்கும். நான் நம்ம குரல் சுற்று முடிஞ்சப்புறம்தான் இதப் போட்டேன்.

இப்ப அந்த மொத்தமா மாத்துற பட்டன் விஷயம். என் நண்பர் ஒருத்தரு இந்த ள பிரச்சனையக் கண்டுபிடிச்சதும் `Ctrl+H` போட்டு 'வெள'ங்கிறத எல்லாம் 'வௌ'வா மாத்திட்டாரு. வௌவால் சரியாச்சு. கூடவே வெள்ளம், வெள்ளி, வெளிச்சம் அத்தனையும் உடைஞ்சு வௌ்ளம், வௌ்ளி, வௌிச்சம்னு ஆச்சு, அது கண்ணுக்குத் தெரியாம அச்சுக்கும் போச்சு. 'கெள'வ மாத்துனா கெளுத்தி மீன் செத்துடும். ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க, மொத்தமே பத்துப் பதினஞ்சு இடம்தான் இருக்கும்.

8. பக்கம் அமைச்சப்புறம் ரெண்டு ஆளு

டிடிபி பிடிஎஃப் வந்ததும் நீங்க திருத்தி முடிச்ச ஃபைலோட பிரிண்ட்ட ஒருத்தரு வச்சுக்கிட்டு சத்தமா வாசிக்கணும், இன்னொருத்தரு பிடிஎஃப் பிரிண்ட்டப் பாத்துக்கிட்டே வரணும். வாசிக்கிறவரு நீங்களா இருக்காதீங்க, வேற ஆளா இருக்கட்டும், நீங்க பாருங்க. அவருக்குக் கதை தெரியாது, இருக்குறத வாசிப்பாரு. என் தங்கச்சி வாசிச்சா, ரெண்டு ஞாயித்துக்கிழமை, கூலி பிரியாணி.

இங்க குறியெல்லாம் வாய்ல சொல்லணும், காது கேக்காத மேற்கோள் குறி பிரச்சனை இப்படித்தான் தீரும். 'மேற்கோள் தொடக்கம், என்ன இப்படி நனஞ்சிருக்கே, கேள்விக்குறி, மேற்கோள் முடிவு, என்று கேட்டாள், முற்றுப்புள்ளி, புதுப் பத்தி.' முதல் பத்து நிமிஷம் சிரிப்பு வரும், அப்புறம் பழகிடும். எண்ண இலக்கம் இலக்கமா சொல்லணும், 1967ன்னா ஒண்ணு ஒம்போது ஆறு ஏழு. பேர எழுத்துக்கூட்டி சொல்லணும், அதுவும் ற-வா ர-வா சேத்து: 'வல்லின ற'. என் ரெண்டாவது புத்தகத்துல ஒரு பாட்டி மூணாவது கதையில மரகதம், அதே பாட்டி ஆறாவது கதையில மரகதமணி, எழுத்துக்கூட்டி சொல்லும்போதுதான் தங்கச்சி நிறுத்தி "இது அதே பாட்டியா?"ன்னு கேட்டா.

காணாமப் போன பத்தியும் இந்த முறையிலதான் மாட்டும். தனியா பிடிஎஃப மட்டும் எத்தன தடவ வாசிச்சாலும் இல்லாதது தெரியாது.

ஆளே கெடைக்கலன்னா உங்க குரல போன்ல பதிஞ்சு வச்சுக்கோங்க, திருத்துன ஃபைலப் பாத்து குறியெல்லாம் சொல்லி வாசிச்சுப் பதிவு பண்ணி, மறுநாள் அதப் போட்டுக்கிட்டு பிடிஎஃப்ல பாத்துக்கிட்டே வாங்க. நேரம் ரெட்டிப்பாகும், ஆனா ஆகுது.

9. திருத்தத்த ஏத்துறப்ப

சிவப்பு குறிய ஃபைல்ல ஏத்தும்போது புதுத் தப்பு பொறக்கும். 'அவன்'ன 'அவள்' ஆக்குவீங்க, வினை 'வந்தான்'னே நிக்கும். ரெட்டிப்பு 'என்று'ல ஒண்ண அழிக்கப் போய் ரெண்டையும் அழிச்சிடுவீங்க. அதனால ஒவ்வொரு திருத்தம் போட்டதும் அந்த வாக்கியத்தையும் அதுக்கு முந்தின, பிந்தின வாக்கியத்தையும் திரையில இருந்தே ஒரு தடவ வாய்விட்டு வாசிங்க. அது முடிஞ்சாத்தான் தாள்ல அந்தக் குறிய பென்சில்ல அடிக்கணும். அடிபடாத சிவப்பு குறி ஒண்ணு கூட மிச்சம் இல்லன்னு கடைசியில 95 தாளையும் புரட்டிப் பாத்துக்கோங்க, ரெண்டு தாள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரு பக்கம் முழுக்க ஏத்தாம விட்டவன் நான்.

ஃபைலுக்கு 'final', 'final2', 'final_new'னு பேரு வைக்காதீங்க, தேதி போடுங்க. டிடிபிக்கு பழைய ஃபைல் போயிட்டா நாலு நாள் கத்துனது அத்தனையும் தண்டம். அனுப்புற ஃபைல்ல நீங்க திருத்துனதா நல்லா ஞாபகம் இருக்குற மூணு இடத்த தேடிப் பாத்துட்டு அனுப்புங்க.

பிடிஎஃப்ல கண்ட தப்ப டிடிபி காரருக்கு போன்ல சொல்லாதீங்க, 'ரெண்டாவது பத்தியில ஒரு ப் போடுங்க'ன்னா அவரு எங்கயாவது போடுவாரு. பக்க எண், மேலருந்து எத்தனாவது வரி, இப்ப இருக்குறது, இருக்க வேண்டியது, இந்த நாலையும் பட்டியலா அடிச்சு அனுப்புங்க. திருத்துன பிடிஎஃப் வந்ததும் பட்டியல்ல இருக்குற வரிகளோட அந்தந்தப் பத்தி முழுசையும் வாசிங்க, பக்கத்தோட கடைசி வரியும் அடுத்த பக்க முதல் வரியும் சேருதான்னு பாருங்க.

மொத்தமா எனக்கு ஆன நாள்: முதல் சுற்று நாலு நாள், தேடலும் மெஷின் குரலும் ரெண்டு நாள், ஏத்துறதுக்கு ஒரு நாள், டிடிபிகிட்ட ஒரு வாரம், தங்கச்சியோட ரெண்டு ஞாயிறு, மறுபடி டிடிபி ரெண்டு நாள். ஏறக்குறைய ஒரு மாசம். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடியே இந்த ஒரு மாசத்த கணக்குல எடுத்துக்கோங்க. ரெண்டாவது புத்தகத்த சித்தப்பாகிட்ட குடுத்தப்ப மூணு நாள் கழிச்சு போன் பண்ணாரு, 88ம் பக்கத்துல ஒரு கேள்விக்குறி விட்டுப்போச்சாம்.